பதினொரு லட்சம் எந்தப் பக்கம்? மண்டபத்தில் கைமாறிய ஓர் ஐஸ் கம்பெனி

2023 கோடையில் மண்டபம் பகுதியில் ஓர் ஐஸ் கம்பெனி கைமாறியது. வாங்கியவர்கள் பக்கம் கணக்குப் பார்த்தது எங்கள் ராமநாதபுரம் அலுவலகம். எல்லாருடைய சம்மதத்தோடும் பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கத் தொகைகளை முழு எண்ணுக்கு அருகில் மாற்றியிருக்கிறேன். கணக்கின் போக்கு மாறவில்லை.

## பின்னணி

விற்றவருக்கு அறுபத்தெட்டு வயது. முப்பது வருடமாகப் படகுகளுக்கு ஐஸ் பார் கொடுத்துவந்தவர். மகன்கள் இருவரும் சென்னையில் வேலையில் இருக்கிறார்கள், திரும்பி வருவதாக இல்லை. வாங்க வந்தவர்கள் மச்சானும் மாப்பிள்ளையும். மச்சான் மீன் ஏலக்கூடத்தில் பழகியவர், மாப்பிள்ளை வளைகுடாவில் பன்னிரண்டு வருடம் குளிர்சாதன வேலை பார்த்துவிட்டு வந்தவர். இருவரும் பங்குதாரர் நிறுவனம் தொடங்கி, தொழிலை அப்படியே ஓட்டத்தில் வாங்க நினைத்தார்கள்.

பெரியவர் கேட்ட விலை 48 லட்சம். அதில் கைரொக்கமும் வங்கி இருப்பும் சேராது, அவை அவருடையவை. மற்ற சொத்தெல்லாம் வாங்குபவருக்கு. வங்கிக் கடனையும் கடைக்காரர் பாக்கியையும் வாங்குபவரே ஏற்க வேண்டும்.

கணக்கு எடுக்கும் தேதியை மே 31 என்று வைத்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், ஐஸ் வியாபாரம் ஏறக்குறைய நின்றுவிடும், பாக்கிப் புத்தகமும் அசையாமல் இருக்கும். எண்ணுவதற்கு அதைவிட வசதியான நேரம் இந்தக் கரையில் கிடைக்காது.

## ஒரே விலைக்கு இரண்டு விடைகள்

முதலில் மச்சானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். பெரியவரின் இருப்புநிலைக் குறிப்பில் சொத்து 49 லட்சம், பொறுப்பு 12 லட்சம், ஆக நிகரச் சொத்து 37. கொடுக்கப்போவது 48. “பதினொரு லட்சம் குட்வில் சார். முப்பது வருசப் பேருக்கு அது போகட்டும்” என்றார்.

பாடப்புத்தகம் நற்பெயர் என்று சொல்வதும் இதைத்தான். தொழிலை வாங்கும்போது ஏற்கிற சொத்துகளிலிருந்து ஏற்கிற பொறுப்புகளைக் கழித்தால் நிகரச் சொத்து. அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் தொகை குட்வில். குறைவாகக் கொடுத்தால் அந்த வித்தியாசம் முதலினக் காப்பு. சூத்திரம் இவ்வளவுதான், மச்சான் அதைத் தப்பாகப் போடவில்லை.

மறுநாள் பெரியவரைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை வந்தார். அவர் கையில் வேறு கணக்கு. “நிலம் மட்டுமே இன்னைக்கு 26 லட்சம் போகும் தம்பி. புத்தகத்துல 4 லட்சம்னு கிடக்கு, அது 1994-ல வாங்கின விலை” என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். நிலத்தை 26 என்று வைத்தால் நிகரச் சொத்து 59 லட்சம். 48 கொடுத்தால் பதினொரு லட்சம் முதலினக் காப்பு.

“அந்தப் பதினொன்று நமக்கு லாபந்தானே சார், வருஷக் கடைசியில் பங்கு பிரிச்சுக்கலாமா?” என்று கேட்டார். முடியாது என்றேன். அது ஐஸ் விற்றுச் சம்பாதித்த பணமல்ல. வாங்கியபோது எழுதிய மதிப்புக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள இடைவெளி. பிரித்துக்கொடுக்க அதற்குப் பின்னால் பணமே கிடையாது.

அதே கம்பெனி, அதே 48 லட்சம். ஒருவர் கணக்கில் பதினொரு லட்சம் கூடப் போகிறது, இன்னொருவர் கணக்கில் பதினொரு லட்சம் மிச்சமாகிறது. இரண்டு பேரும் நிகரச் சொத்தைத் தாங்களாகப் போய்ப் பார்க்கவில்லை. ஒருவர் பழைய புத்தகத்தை நம்பினார், மற்றவர் விற்பவரின் வாயை நம்பினார்.

## என்ன பார்த்தோம்

நிலத்தை முதலில் எடுத்தோம். பக்கத்து மனைகள் அண்மையில் பதிவான விலையைப் பார்த்தால் 26 என்பது பொய்யில்லை. ஆனால் அந்த மனைகள் சாலைப் பக்கம். இந்த இடத்தின் பின்பகுதி கடலுக்கு அருகே, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. இருக்கிற கட்டடத்தைப் பழுதுபார்க்கலாம், புதிதாக எழுப்புவது கடினம். 22 என்று வைத்தோம். கட்டடம் நன்றாகவே இருந்தது, 6 லட்சத்தை 7 ஆக்கினோம்.

இயந்திரத்துக்குத் தடைக்காலம் வரை காத்திருக்கவில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில், படகுகள் ஓடும்போதே மூன்று நாள் கம்பெனியை முழு ஓட்டத்தில் ஓட்டச் சொல்லி மாப்பிள்ளை கூடவே உட்கார்ந்தார். பலகையில் நாளைக்கு 10 டன் என்று எழுதியிருந்தது, அதாவது 50 கிலோ பார் 200. கிடைத்தது சராசரி 148. 220 கேன்களில் 70 ஓட்டை. உப்புக் கரைசல் கேனுக்குள் கசிந்தால் அந்தத் தண்ணீர் கெட்டியாக உறையாது, பார் கலங்கலாக வரும், படகுக்காரர் திருப்பிக் கொடுத்துவிடுவார். கண்டென்சர் குழாய்களில் உப்புப் படிவம். மீட்டரைப் பார்த்தால் ஒரு டன் ஐஸுக்கு 92 யூனிட் போகிறது. எங்கள் அலுவலகம் கணக்குப் பார்க்கும் இன்னொரு கம்பெனியில் அது 68. குறைந்துசெல் மதிப்புமுறையில் புத்தகம் காட்டிய 14 லட்சம் இந்த 92-ஐப் பார்த்துக் கணித்ததல்ல. கேன் மாற்றுவதற்கும் டேங்க் ஒட்டுவதற்கும் ஆகும் செலவைக் கழித்து 9 லட்சம் என்று முடிவு செய்தோம்.

பாக்கிப் புத்தகத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. 63 பேர் பெயரில் 16 லட்சம். இங்கே ஐஸ் கடனில்தான் போகும். விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும், ஐஸ் எடுத்துக்கொண்டு போனவர் மீன் ஏலம் முடிந்ததும் தருவார், பாடு சரியில்லையென்றால் அடுத்த பாட்டுக்குத் தருவார். இப்படியே சில பெயர்கள் வருடக்கணக்கில் புத்தகத்தில் உட்கார்ந்துவிடும். பெரியவர் ஒரு பெயரையும் வராக்கடன் என்று எழுதியதே இல்லை. கேட்டால், “எழுதிட்டா அவன் தரமாட்டான்” என்றார்.

மச்சான் ஒவ்வொரு படகுக்காரரையும் நேரில் பார்த்து, பாக்கித் தொகையைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். கையெழுத்து போட்டுச் சமீப சீசனிலும் பணம் கட்டியவர்கள் பாக்கி 7.6 லட்சம், முழுதாக எடுத்தோம். ஒப்புக்கொண்டு இழுத்தடிப்பவர்கள் 2.8 லட்சம், பாதி, அதாவது 1.4. மீதி 5.6 லட்சத்துக்கு ஒன்றும் வைக்கவில்லை. அதில் 2.1 லட்சம், எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துப் படகு திரும்பாதவர்களுடையது. 1.9 லட்சம், படகை விற்று வேறு கரைக்குப் போனவர்களுடையது. 1.6 லட்சம், “அதெல்லாம் அப்பவே கொடுத்தாச்சு” என்று சொன்னவர்களுடையது. ஆக 16 லட்சம் என்பது 9 லட்சம்.

இருப்புநிலைக் குறிப்பில் ‘குட்வில் 3 லட்சம்’ என்று ஒரு வரியும் இருந்தது. 2008-ல் ஒரு பங்காளியிடமிருந்து அவர் பாகத்தை வாங்கியபோது பெரியவர் எழுதியது. அதை நிகரச் சொத்தில் சேர்க்கக் கூடாது. குட்வில் எவ்வளவு என்று கண்டுபிடிக்கத்தான் இந்தக் கணக்கே. பழைய குட்வில்லைச் சொத்தாகச் சேர்த்தால் விடை அந்த அளவுக்குக் குறைந்து தெரியும். முதல் இரண்டு கணக்கிலும் இந்த 3 லட்சம் சத்தமில்லாமல் சேர்ந்திருந்தது.

பொறுப்புப் பக்கத்தில் இல்லாதது ஒன்று இருந்தது. பதினோரு தொழிலாளர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் அப்போதிருந்த பணிக்கொடைச் சட்டம் பொருந்தியது. தொழில் ஓட்டத்தில் கைமாறினால் அவர்கள் சர்வீஸ் அறுபடாது, பழைய வருடங்களும் புதியவர் தலையில்தான். கணக்கு: கடைசி மாதச் சம்பளம் × 15 ÷ 26 × வருடம். ஆபரேட்டருக்கும் உதவி ஆபரேட்டருக்கும் மாதம் 13,000. வருடத்துக்கு 7,500 வீதம், 22 வருடமும் 18 வருடமும் சேர்த்து 3 லட்சம். ஐந்து வருடம் கடந்த மற்ற மூவர் சம்பளம் 10,400. அவர்கள் சர்வீஸ் மொத்தம் 20 வருடம், வருடத்துக்கு 6,000 வீதம் 1.2 லட்சம். ஆக 4.2 லட்சம். இதோடு மின்வாரியம் கேட்டிருந்த பழைய வித்தியாசத் தொகை 0.8 லட்சம். இரண்டும் புத்தகத்தில் இல்லை.

மூன்று கணக்கையும் ஒரே தாளில் போட்டு இருவருக்கும் காட்டினேன் (லட்சத்தில்):

| | புத்தகப்படி | பெரியவர் சொன்னபடி | நாங்கள் பார்த்தபடி |
|---|---|---|---|
| நிலம் | 4 | 26 | 22 |
| கட்டடம் | 6 | 6 | 7 |
| இயந்திரம் | 14 | 14 | 9 |
| வண்டி | 2 | 2 | 1.5 |
| படகு பாக்கி | 16 | 16 | 9 |
| உப்பு, அமோனியா, உதிரி | 1.5 | 1.5 | 1 |
| மின் டெபாசிட் | 2.5 | 2.5 | 2.5 |
| பழைய குட்வில் | 3 | 3 | 0 |
| மொத்தம் | 49 | 71 | 52 |
| பொறுப்புகள் | 12 | 12 | 17 |
| நிகரச் சொத்து | 37 | 59 | 35 |
| 48 கொடுத்தால் | குட்வில் 11 | முதலினக் காப்பு 11 | குட்வில் 13 |

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மிச்சம் என்று நினைத்தது போய், கூடுதல் பதின்மூன்று லட்சம் என்று நிற்கிறது.

## பதின்மூன்று தகுமா?

வித்தியாசம் 13 என்பதால் குட்வில்லின் மதிப்பு 13 ஆகிவிடாது. கேட்ட விலைக்குத் தக்கபடி வந்து விழுந்த எண் அது. தொழில் உண்மையிலேயே அவ்வளவு கூடுதலாகச் சம்பாதிக்கிறதா என்று தனியே பார்க்க வேண்டும்.

மூன்று வருட லாபம் 6.2, 9.4, 10.2 லட்சம், சராசரி 8.6. இதில் பெரியவர் தனக்குச் சம்பளம் எழுதியதில்லை. காலை மூன்று மணிக்கு வந்து பார் எண்ணிக் கொடுப்பது அவர்தான். அந்த வேலைக்கு ஓர் ஆள் வைத்தால் வருடம் 2.4 லட்சம். வராக்கடன் எழுதாததற்கு வருடம் 0.8 கழித்தோம். மிஞ்சுவது 5.4.

இதே 35 லட்சத்தை இந்த அளவு ஆபத்துள்ள வேறு தொழிலில் போட்டால் 12 சதவீதமாவது எதிர்பார்ப்போம் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அது 4.2 லட்சம். ஆக உயர் லாபம் 1.2 லட்சம். அது மூன்று வருடம் நீடிக்கும் என்று வைத்தால் 3.6 லட்சம். மூன்று வருடம் என்பது என் கணிப்பு, சட்டமல்ல. வாடிக்கை பெரியவரின் முகத்துக்காக வருவது, அவர் போனபின் அதற்கு மேல் நீடிக்கும் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. 35-உம் 3.6-உம் சேர்த்தால் 38.6.

## எடுத்த முடிவுகள்

இந்தத் தாளைப் பெரியவர் முன்பே விரித்தோம். நிலத்துக்கு 22 போட்டதைப் பார்த்து நியாயம் என்றார், கேன்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாக்கிப் பட்டியலில்தான் கோபம் வந்தது. அப்போது மச்சான் ஒரு வழி சொன்னார். “ஐயா, நாங்க சைபர்னு போட்ட 5.6 லட்சத்தை நீங்களே வச்சுக்குங்க. எங்ககிட்ட யாராவது கொடுத்தா உங்க கையில கொண்டாந்து தர்றோம்.” வாங்குபவருக்கு அதில் ஒன்றும் நட்டமில்லை, பெரியவருக்கு மனம் ஆறியது. விலை 40 லட்சத்தில் முடிந்தது. குட்வில் 5 லட்சம்.

இதில் 3 லட்சத்தை ஒரு வருடம் பிடித்துவைத்துக் கொடுப்பதாக எழுதினோம். கைமாறிய தேதிக்கு முந்தைய வரி பாக்கி வந்தால் அதிலிருந்து கழியும். ஜிஎஸ்டி சட்டத்தில் தொழில் கைமாறினால் அதற்கு முந்தைய பாக்கிக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு. நமக்குள் என்ன எழுதிக்கொண்டாலும் துறைக்கு அது பொருட்டில்லை.

ஒப்பந்தத்தில் குட்வில் 5 லட்சம் என்று தனி வரியாக எழுதச் சொன்னேன். நிலத்தோடு சேர்த்து எழுதிவிடலாமே என்று ஆவணம் எழுதியவர் கேட்டார். காரணம் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவு. ஒருவரைத் தொழில் செய்யாதே என்று தடுக்கும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. குட்வில்லை விற்றவருக்கு மட்டும் விலக்கு உண்டு: நியாயமான எல்லைக்குள் அதே தொழிலைச் செய்யமாட்டேன் என்று அவர் எழுதிக்கொடுத்தால் அது செல்லும். மாப்பிள்ளை முதலில் ஆசைப்பட்டபடி முதலினக் காப்பு என்று கணக்கு முடிந்திருந்தால், குட்வில் விற்பனையே இல்லையே என்று நாளை யாரும் வாதாட இடம் கிடைத்திருக்கும்.

இன்னொரு ஆசையும் வந்தது. அந்த 5 லட்சத்தை இயந்திரத்தில் சேர்த்து 14 என்று எழுதலாமா என்று இருவரும் கேட்டார்கள். எதற்கு என்று எனக்கும் தெரியும். இயந்திரத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் கிடைக்கும்; குட்வில்லுக்கு 2021 நிதிச் சட்டத்துக்குப் பிறகு வருமான வரியில் தேய்மானம் கிடையாது. ஆனால் 148 பார் கொடுத்த இயந்திரத்துக்கு 14 லட்சம் என்று என் கையால் எழுத முடியாது. வரியைக் குறைக்கவே பழைய சொத்தின் விலையை ஏற்றியதாகத் தெரிந்தால், அதைத் திருத்தி நிர்ணயிக்க அதிகாரிக்கும் வழி உண்டு. 9 லட்சமாகவே வைத்தோம்.

ஜூன் 1 அன்று புதிய நிறுவனத்தின் புத்தகத்தில் எழுதிய பதிவு இது. ப என்றால் பற்று, வ என்றால் வரவு:

```
நிலம்              ப   22,00,000
கட்டடம்            ப    7,00,000
இயந்திரம்          ப    9,00,000
வண்டி              ப    1,50,000
படகு பாக்கி         ப    9,00,000
சரக்கு             ப    1,00,000
மின் டெபாசிட்       ப    2,50,000
குட்வில்            ப    5,00,000
   கடைக்காரர் பாக்கி        வ    3,00,000
   வங்கிக் கடன்             வ    9,00,000
   பணிக்கொடை ஒதுக்கீடு      வ    4,20,000
   மின்வாரிய வித்தியாசம்     வ      80,000
   விற்றவர் கணக்கு          வ   40,00,000
```

## பிறகு நடந்தது

ஜூன் 15-ல் படகுகள் இறங்கின. கேன் மாற்றி, கண்டென்சர் சுத்தம் செய்தபின் நாளைக்கு 185 பார் வரை வந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அக்டோபரில் பழைய வருடத்து ஜிஎஸ்டி வித்தியாசத்துக்கு 0.9 லட்சம் கேட்டு நோட்டீஸ் வந்தது. பிடித்துவைத்த 3 லட்சத்திலிருந்து கட்டினோம், குட்வில் மாறவில்லை.

பாக்கி 9 லட்சத்தில் 2024 மார்ச் வரை வந்தது 7.4. குறைந்த 1.6 லட்சத்தை எங்கே எழுதுவது என்பதில்தான் பேச்சு நீண்டது. அதில் 0.6 லட்சத்துக்கு, கைமாறுவதற்கு முன்பே பணம் கட்டிய துண்டுச் சீட்டை ஒரு படகுக்காரரின் மனைவி கொண்டுவந்து காட்டினார். பாக்கி இல்லை என்பது மே 31 அன்றே உண்மை, எங்களுக்குத்தான் தெரியவில்லை. எனவே பாக்கியைக் குறைத்து அதே 0.6-ஐக் குட்வில்லில் கூட்டினோம், குட்வில் 5.6 ஆனது. மீதி 1 லட்சம், டிசம்பரில் படகு பிடிபட்ட ஒருவருடையது. வாங்கிய அன்று அவர் நல்ல வாடிக்கையாளர். பின்னால் நடந்த நட்டம் அது, லாப நட்டக் கணக்குக்குத்தான் போக வேண்டும். கம்பெனிகளுக்கான இந்த் ஏஎஸ் 103 இப்படித் திருத்த ஒரு வருடம் வரை அவகாசம் தருகிறது. பங்குதாரர் நிறுவனத்துக்கு அது கட்டாயமில்லை, ஆனால் தர்க்கம் அதேதான். எல்லா நட்டத்தையும் குட்வில்லில் தள்ளிவிடலாம் என்று மாப்பிள்ளை சொன்னதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. 5.6 லட்சத்தை ஐந்து வருடத்தில் எழுதித் தீர்ப்பது என்று முடிவானது, வருடத்துக்கு 1.12 லட்சம்.

அந்த டிசம்பரிலேயே பெரியவரின் தங்கை மகன் பாம்பனிலிருந்து வண்டியில் ஐஸ் கொண்டுவந்து மண்டபத்தில் விற்கத் தொடங்கினார். ஆறு படகுகள் அவர் பக்கம் போய்விட்டன. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தோம். ‘விற்பவர் மண்டபம் எல்லைக்குள் ஐஸ் பிளான்ட் நடத்தமாட்டார்’ என்று இருந்தது. விற்பவர் நடத்தவில்லை. பிளான்டும் இல்லை, வெறும் விற்பனை. பெரியவரிடம் கேட்டபோது, “அவன் என் பேச்சைக் கேக்கமாட்டான் தம்பி” என்றார். அதில் எவ்வளவு உண்மை என்று தெரியவில்லை. பாதியாவது இருக்கும்.

## இன்று செய்தால் எதை மாற்றுவேன்

அந்தத் தடை வாசகத்தை முதலில் மாற்றுவேன். ‘ஐஸ் பிளான்ட் நடத்துவது’ என்பதற்குப் பதில் ‘ஐஸ் உற்பத்தியோ விற்பனையோ, நேரடியாகவோ பிறர் மூலமாகவோ’ என்றும், எல்லையில் பாம்பனையும் சேர்த்தும் எழுதுவேன். தங்கை மகன் ஏற்கெனவே கம்பெனியில் வண்டி ஓட்டியவர், எந்தப் படகுக்கு எத்தனை பார் என்பது மனப்பாடம். அவரையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்திருக்க வேண்டும். பதினோரு பேர் சம்பளப் பட்டியலை நான் பணிக்கொடைக்காக மட்டும் பார்த்தேன், வாடிக்கை யார் கையில் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

பாக்கிக்குக் கையெழுத்து வாங்கும்போது படகுக்காரரிடம் மட்டும் கேட்டோம். இந்தக் கரையில் பல வீடுகளில் ஐஸ் காசு கட்டுவதும் சீட்டை எடுத்துவைப்பதும் பெண்கள். அவர்களிடம் கேட்டிருந்தால் அந்த 0.6 லட்சம் மே மாதமே தெரிந்திருக்கும்.

உயர் லாபத்தை மூன்று வருடம் என்று பெருக்கியதை இப்போது இரண்டு என்று போடுவேன். அப்படிப் போட்டால் குட்வில் 2.4, விலை 37.4. பெரியவர் அதற்கு இறங்கியிருப்பாரா என்பது வேறு விஷயம்.